நின்றால் படபடப்பு, படுத்தால் சரியாகிறதா? வெயிலையும் பதட்டத்தையும் பிரித்துப் பார்ப்பது

“எனக்கு வயது 29. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் பினிஷிங் பிரிவில் நின்றபடி வேலை. பங்குனி பிறந்ததிலிருந்து பகல் பதினொன்றரை மணிக்கும் மூன்று மணி வாக்கிலும் தலை சுற்றி, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை நடுங்குகிறது, செத்துவிடுவேனோ என்று பயம் வருகிறது. இசிஜி நார்மல். பதட்டம் என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி தூக்கத்திலும் வந்தது. வீட்டில் ‘உனக்கு மனசு சரியில்லை’ என்கிறார்கள். இது நிஜமாகவே மனசுதானா, இல்லை வெயிலா? எப்படித் தெரிந்துகொள்வது?”

சகோதரி, இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஆரம்பம் உடம்பில் நீரும் உப்பும் குறைவதில் இருக்கிறது, பயம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது ஊகம். நான் வேலூர் மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிறவன். இதய நிபுணனும் இல்லை, மனநல மருத்துவனும் இல்லை. உங்களைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று எழுதிவிட முடியாது. ஆனால் இந்த ஊகம் சரியா தப்பா என்று வீட்டிலேயே காசு செலவில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் சோதனையும் புரியும்.

வெயிலில் உடம்பு தன் சூட்டைத் தணிக்க இரண்டு வேலை செய்கிறது. தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரித்து, ரத்தத்தை அந்தப் பக்கம் அனுப்புகிறது. கூடவே வியர்க்க வைக்கிறது. சூடான இடத்தில் உடம்பை வருத்தி வேலை செய்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைகூட வியர்வை போகும். அதோடு உப்பும் போகும். ஆக, ஒரு பக்கம் குழாய்கள் விரிந்து இடம் கூடிவிட்டது, இன்னொரு பக்கம் உள்ளே ஓடும் நீர் குறைந்துவிட்டது. இந்த நிலையில் நீங்கள் நிற்கிறீர்கள். நின்றாலே, நல்ல உடம்பிலும், அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கித் தேங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடக் கூடாதே என்று கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் உடனே தகவல் கொடுக்க, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. வறண்ட கிணற்றில் ஓடும் மோட்டார் மாதிரிதான்: மோட்டாரில் கோளாறு இல்லை, இரைச்சல் மட்டும் அதிகம், மேலே வரும் தண்ணீர் கம்மி. உங்கள் இசிஜி நார்மலாக இருப்பதும் நெஞ்சு படபடப்பது நிஜமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

அந்த வேகத்தைக் கொடுப்பது அட்ரினலினும் அதன் கூட்டாளியான நார் அட்ரினலினும். நாய் துரத்தும்போது நமக்குள் சுரப்பதும் இதே சரக்குதான். அதனால் கை நடுக்கம், உள்ளங்கை வியர்வை, வயிறு கலங்குவது, நெஞ்சடிப்பு எல்லாம் அச்சு அசலாகப் பயத்தின் அடையாளங்களாகவே இருக்கும். நாய் எதையும் காணோம், ஆனால் உடம்பு பதறுகிறது. மனம் ‘என்னமோ ஆகப்போகிறது’ என்று காரணம் தேடுகிறது. பக்கத்து வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் அந்த நினைப்பு உடனே வந்து நிற்கும். அப்புறம் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், தலைசுற்றல் கூடும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுள்ளென்று மரத்துப்போகும். இந்தக் கட்டத்தில் அது பதட்டம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆரம்பித்து வைத்தது வேறு. வெறுமே ‘பதட்டம்’ என்று எழுதி அனுப்பும்போது நடுவில் இருக்கும் இந்தப் படிதான் விட்டுப்போகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலூரில் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன், வயது இருபத்தாறு. சித்திரை மாதம், மதியம் ஒரு மணி, கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஹெல்மெட்டோடு நிற்கும்போது கண் இருட்டி, நெஞ்சு அடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஹார்ட் அட்டாக் என்று பயந்து அப்படியே ஆட்டோ பிடித்து ஒரு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். இசிஜியில் துடிப்பு 118, மற்றபடி சுத்தம். பதட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அதே சிக்னலில் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த வாரம் கிரீன் சர்க்கிள் நெருங்கும்போதே நெஞ்சு அடிக்க, வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். என்னிடம் வந்தபோது முதலில் கேட்டது, காலையிலிருந்து என்ன குடித்தீர்கள், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனீர்கள் என்று. காலையில் டீ, இரண்டு பன். வழியில் ஒரு எனர்ஜி டிரிங்க். ஒரு தண்ணீர் பாட்டில், அதிலும் பாதி மிச்சம். சாப்பாடு நாலு மணிக்கு மேல். ஒன்றுக்குப் போவது காலையில் ஒரு தடவை, பிறகு வீட்டுக்குத் திரும்பிய பின்தான்.

படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நாடி 76, பிபி 118/74. எழுந்து நிற்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் நாடி 104. மூன்று நிமிடத்தில் 114, பிபி 108/76. ‘இதேதான் சார், இதே மாதிரிதான் அன்னிக்கும் இருந்துச்சு’ என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். இதில் கவனிக்க வேண்டியது, பிபி பெரிதாக இறங்கவே இல்லை. இளம் வயதில் குழாய்கள் இறுகிப் பிபியைத் தாங்கிப் பிடித்துவிடும், நாடிதான் கதையைச் சொல்லும். உட்கார வைத்து பிபி மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று சொன்னால் இது சிக்கவே சிக்காது. ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து மறுபடி பார்த்தோம். படுத்தால் 70, மூன்று நிமிடம் நின்றால் 90. தலைசுற்றல் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். தண்ணீர் விஷயத்தைச் சரிசெய்த பிறகு, ஒரு வாரத்துக்குள் தலைசுற்றல் போய்விட்டது. ஆனால் கிரீன் சர்க்கிள் பயம் போகவில்லை. நாடி சாதாரணமாக இருக்கும் நாளிலும் அந்த இடம் வந்தால் மனம் பதறியது. அதற்கு ஒரு மனநல ஆலோசகர் தேவைப்பட்டார். முதலில் சாயந்திர வேளையில், பிறகு வெயில் நேரத்தில் என்று அந்த சிக்னலையே படிப்படியாகப் பழக்கி, சில வாரங்களில் சரியானது. உடம்பு தொடங்கி வைத்த பயம், உடம்பு சரியான பிறகும் தனியாக நடமாடும். அதனால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றேன்.

இப்போது உங்கள் சோதனை. காலையில் எழுந்தவுடன் செய்தால் பாதிதான் தெரியும்; படபடப்பு வரும் நாளில், வேலை முடிந்து வீடு திரும்பியவுடன், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை செய்யுங்கள். விடுமுறை நாளில், நன்றாகச் சாப்பிட்டுக் குடித்து ஓய்வாக இருக்கும்போது, அதே நேரத்தில் ஒரு தடவை செய்யுங்கள். ஐந்து நிமிடம் மல்லாந்து படுங்கள், பேச வேண்டாம், செல்போன் வேண்டாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணத் தடுமாறினால், கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கிறது, அதை மாட்டுங்கள். SpO2 என்பதை விட்டுவிட்டு PR என்று வரும் எண்ணைப் பாருங்கள். அப்புறம் எழுந்து நில்லுங்கள், சுவரில் சாய வேண்டாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஒரு எண், மூன்று நிமிடத்தில் ஒரு எண். கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள், அதுவே ஒரு பதில்தான்.

நல்ல உடம்பில் நின்றால் நாடி பத்திலிருந்து இருபது வரை கூடும். முப்பதும் அதற்கு மேலும் கூடினாலோ, நிற்கவே முடியாமல் தலை சுற்றினாலோ, உள்ளே ஓடும் நீரளவு குறைவு என்பதற்கு அது நல்ல சான்று. பிபி கருவியும் இருந்தால், மேல் எண் இருபதோ கீழ் எண் பத்தோ இறங்குகிறதா என்றும் பாருங்கள். வேலை நாளில் முப்பதுக்கு மேல், விடுமுறை நாளில் பதினைந்து என்று வந்தால், என் ஊகத்துக்குப் பலம் கூடுகிறது. இரண்டு நாளும் வித்தியாசமே இல்லை, படுத்திருக்கும்போதே நாடி நூறுக்கு மேல் ஓடுகிறது என்றால் வெயிலை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். நன்றாக நீர் குடித்த நாளிலும் நின்றால் முப்பதுக்கு மேல் ஏறுகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால், நிற்கும்போது மட்டும் நாடி ஓடும் ஒரு தனி நோய் உண்டு. இளம் பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். வெயிலில் அது மோசமாகும். அதை ஒரு மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு, அது உங்களுக்குப் பொருந்தலாம். பதட்டத்துக்கு என்று கொடுக்கும் மாத்திரைகளில் ப்ரோப்ரனலால் அடிக்கடி இருக்கும். அது நாடியைக் கட்டிப்போடும் மருந்து. அதைச் சாப்பிட்டிருந்தால் உள்ளே நீர் குறைந்திருந்தாலும் நாடி ஏறாது, சோதனை பொய் சொல்லும். நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரை தலைசுற்றலைக் கூட்டவும் செய்யலாம். அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் படபடப்பு திருப்பி அடிக்கும். கொடுத்த மருத்துவரிடமே போய் வெயில் நேரத்தில் வருவதைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு மாத்திரை தூக்கத்துக்கானதாக இருந்தால் அதற்கும் இதே பேச்சுதான்.

பங்குனியில் ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு முக்கியமான தகவல். வேலூரில் வெயில் சதம் அடித்தது என்று செய்தியில் சொல்ல ஆரம்பிக்கும் காலம் அது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய பிறகு ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் போகும் உப்பு குறையும். அதனால் கத்திரி வெயிலைவிடக் கோடையின் முதல் வாரங்கள்தான் பலருக்குக் கஷ்டம். லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டு வந்த முதல் வாரமும் அப்படித்தான். பகல் நேரம் மட்டும் கணக்கில்லை. நம் பக்கத்தில் பாறை மலைகளும் கான்கிரீட் தளமும் ராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். மாடி வீட்டில் தூங்குகிறவர் காலையில் எழும்போதே கொஞ்சம் வறண்டுதான் எழுகிறார். பினிஷிங்கில் சூடு காற்று அடிக்கும் மெஷின் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் வெளியே என்ன வெப்பநிலை என்பதே அப்புறம்தான்.

இனி நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். வேலையில் கழிவறைக்குப் போவது கஷ்டம் என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறீர்களா? இந்தப் பக்கம் ஷூ கம்பெனியிலும் ஜவுளிக்கடையிலும் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டால் பாதிப் பேர் முதலில் இல்லை என்பார்கள். கூட வந்த அம்மா வெளியே போன பிறகு ஆமாம் என்பார்கள். வரிசை, சூப்பர்வைசரிடம் கேட்டுப் போக வேண்டியது, மாதவிலக்கு நாளில் இன்னும் சங்கடம். காலையிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டால் பதினொன்றரை மணிக்குத் தலை சுற்றுவது ஆச்சரியமே இல்லை. நீர்க்கடுப்பும் இதோடு சேர்ந்தே வரும். இது உங்கள் நிலை என்றால், எத்தனை ஓஆர்எஸ் வாங்கினாலும் பயன் குறைவு. நிர்வாகத்திடம் நாலு பேராகச் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது. மருத்துவச் சீட்டில் ‘வேலை நேரத்தில் தண்ணீரும் கழிவறை இடைவேளையும் தேவை’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன், சில இடங்களில் எடுபடுகிறது.

என்ன குடிப்பது, எவ்வளவு? வேலைக்குக் கிளம்பும் முன் காலைச் சாப்பாட்டோடு இரண்டு டம்ளர் தண்ணீர். வெறும் டீயோடு வேன் ஏறக் கூடாது. சாப்பாட்டில் இருக்கும் உப்புதான் குடித்த நீரை உள்ளே பிடித்து வைக்கும். நம் ஊர்க் கேழ்வரகுக் கூழில் மோரும் உப்பும் சேர்த்துக் குடிப்பது இந்த வேலைக்குக் கச்சிதமான உணவு. வேலையில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் என்பது சூட்டில் உடலை வருத்தி வேலை செய்கிறவருக்கான அளவு. உங்களால் அவ்வளவு முடியாவிட்டாலும், மணிக்கு ஒரு தடவை இரண்டு டம்ளரை நிதானமாகக் குடிப்பது நடக்கக்கூடியது. மதியம் உப்புப் போட்ட மோர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வேறு ஆபத்து வரும்.

ஓஆர்எஸ் தினமும் வேண்டியதில்லை; நிறைய வியர்த்த நாளில், அல்லது தலைசுற்றல் வந்த நாளில் ஒரு பாக்கெட் போதும். பலரும் செய்யும் தவறு, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது. அவ்வளவு உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். இன்னொன்று, பழச்சுவையோடு சிறு அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பு பானங்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. மருந்துக்கடையில் பொடி பாக்கெட்டாகவே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. இளநீரும் நுங்கும் நல்லதுதான், ஆனால் இளநீரில் சோடியம் குறைவு, வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. உங்கள் வயதில் சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், பிபி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் சொல்கிறேன். வீட்டில் பிபிக்கு நீர் போகும் மாத்திரையோ, சர்க்கரைக்கு டாபாகிளிப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளும் மாத்திரையோ சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் கோடையில் அவர்களுக்குத் தலைசுற்றல் இன்னும் எளிதில் வரும். அவர்கள் உப்பைக் கூட்டுவது, மாத்திரையைக் குறைப்பது இரண்டையுமே மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

போதுமான அளவு குடிக்கிறீர்களா என்பதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெளிர் மஞ்சளில் சிறுநீர் போவது நல்ல அடையாளம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் நிறம் நம்பகம் இல்லை. எடைக் கருவி இருந்தால் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஏறி நின்று பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கடன் என்று அர்த்தம்.

படபடப்பு வந்துவிட்டால் அந்த நேரத்தில் நின்றுகொண்டு சமாளிக்காதீர்கள். கீழே படுத்து, காலை ஒரு அட்டைப் பெட்டி மேல் தூக்கி வையுங்கள். படுக்க முடியாவிட்டால் குந்தி உட்காருங்கள், தொடையை இறுக்குங்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுவது போல. பேப்பர் கவருக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், அது வேண்டாம். காரணம் வேறாக இருந்தால் ஆக்ஸிஜன் குறைந்து ஆபத்தாகும். படுத்து ஐந்து பத்து நிமிடத்தில் நாடி இறங்கிவிட்டால் அது நீர்க் குறைவின் பக்கம் பேசுகிறது. படுத்த பின்னும் அப்படியே ஓடினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வெயிலின் தலையில் போட்டுவிடவும் கூடாது. உங்கள் வயதுப் பெண்களிடம் இதே படபடப்பையும் தலைசுற்றலையும் கொடுப்பதில் முதல் சந்தேகம் ரத்தசோகை. அது இருந்தால் வெயில் அதை வெளியே கொண்டுவந்து காட்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும். மாதவிலக்கில் போக்கு அதிகமா என்றும் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வெயில் தாங்காது, கை நடுங்கும், எடை குறையும். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் கர்ப்பமா என்றும் பார்த்துவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் சாதாரண ரத்த, சிறுநீர்ச் சோதனை போதும், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். ஸ்விட்ச் போட்ட மாதிரி சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நிற்கும் படபடப்பு, நாடி 150-க்கு மேல், நின்றாலும் படுத்தாலும் ஒன்றுபோல என்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அந்த நேரத்தில் எடுத்த இசிஜியில்தான் அது தெரியும். சாவகாசமாக உட்கார்ந்து எடுத்த நார்மல் இசிஜி அதை இல்லை என்று சொல்லிவிடாது. முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கி விழுவது, ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயங்குவது, நெஞ்சுவலி, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் என் பதிலை ஓரமாக வைத்துவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். வேலையிடத்தில் யாராவது உடம்பு கொதித்து, உளறினாலோ கூப்பிட்டால் பதில் சொல்லாவிட்டாலோ அது வெப்ப வாதம், வியர்த்துக்கொண்டிருந்தாலும் கூட. வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீர் குறைந்தால் மனநிலையும் நேரடியாகக் கெடுமா என்று கேட்டால், அங்கே நான் உறுதியாகப் பேச மாட்டேன். உடல் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு லேசாக நீர் குறைந்த இளவயதினரிடம் சோர்வும் பதற்றமும் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு, ஆனால் அவை சிறியவை. நாடி ஏறுவதும் நின்றால் தலை சுற்றுவதும் உறுதி. மற்றது ‘இருக்கலாம்’ அளவில்தான்.

கடைசியாக அந்த ராத்திரி. தூக்கத்தில் வந்ததை மட்டும் என்னால் நீர்க் குறைவில் சுலபமாக அடைக்க முடியவில்லை. படுத்திருக்கும்போது காலில் ரத்தம் தேங்காது, ஆகவே பகல் படபடப்புக்குச் சொன்ன காரணம் அங்கே பொருந்தாது. பகலில் பயந்த மனம் ராத்திரியில் தானாகவே அதைக் கிளப்பியிருக்கலாம். தூக்கத்தில் வரும் பீதித் தாக்குதல் அபூர்வம் இல்லை. தைராய்டாகவும் இருக்கலாம், இதயத் துடிப்புக் கோளாறாகவும் இருக்கலாம். ஒரே ஒரு நாள் என்றால் ரத்தப் பரிசோதனை வரும் வரை பொறுத்துப் பார்ப்பேன். மறுபடி வந்தால் நேரம், நாடி எண், எப்படி ஆரம்பித்து எப்படி நின்றது என்பதை எழுதி வைத்து, ஒரு நாள் முழுக்க இசிஜியைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாச் சோதனையும் சரியாக இருந்து பயம் மட்டும் நின்றுபோகவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அங்கேயும் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: பகலில் வெயில் நேரத்தில், நிற்கும்போது ஆரம்பித்தது என்று.